உடன் கற்றவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

இன்று நான் எடுத்துக்கொள்வது சிறிய விடயம். கட்டுரை ஒன்றை எழுதி முடித்தபின், அதன் முன்னுரையை மட்டும் நம்பிக்கையான நண்பர் ஒருவரிடம் கொடுத்து அபிப்பிராயம் கேட்கிறோம். அப்பொழுது அவரிடம் எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்பதுதான் பொருள். நான் பட்டறிந்த ஒன்றைக் கொண்டே இதனை விளக்க விரும்புகிறேன்.

எனக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர் ஒருவர் காலமானபோது, அவருடைய மாணவர்கள் சேர்ந்து நினைவு மலர் ஒன்றை வெளியிட முடிவு செய்தார்கள். அதற்குக் கட்டுரை எழுதும் பொறுப்பு எனக்கும் வந்தது. சி. வை. தாமோதரம்பிள்ளையின் பதிப்புரைகளைப் பற்றி எழுதினேன். கட்டுரை பத்துப் பக்கம். அதில் முன்னுரை மட்டும் ஒன்றரைப் பக்கம். அதை எடுத்துக்கொண்டு என் நண்பரிடம் போனேன். அவர் எங்கள் கல்லூரியிலே விஞ்ஞானம் கற்பிப்பவர். சாதாரண தரம் வரை என்னோடு ஒரே வகுப்பில் இருந்து அதே ஆசிரியரிடம் தமிழ் படித்தவர். நல்ல வாசகர், ஆனால் பழந்தமிழ்ப் பதிப்பு வரலாறு அவருடைய துறை அன்று.

ஓய்வறையிலே தாள்களைக் கையில் கொடுத்து, அவர் வாசித்து முடித்ததும், "எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"நல்லாய்த்தான் இருக்கு, ஐசே" என்றார். தாள்களைத் திருப்பித் தந்தார். மணி அடித்தது. இருவரும் வகுப்புக்குப் போனோம்.

அந்த "நல்லாய்த்தான் இருக்கு" என்பதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? எந்த வாக்கியத்தை வெட்டுவது? எதை மேலே கொண்டு வருவது? ஒன்றும் தெரியவில்லை. நண்பர் பொய் சொன்னாரென்று நான் கருதவில்லை. குற்றம் கேள்வியில் இருந்தது. "எப்படி இருக்கு?" என்பது தீர்ப்புக் கேட்கும் கேள்வி. நண்பனை நீதிபதி ஆசனத்திலே ஏற்றினால், அவன் பெரும்பாலும் விடுதலைத் தீர்ப்பே வழங்குவான். அதிலே அன்பு இருக்கும், செய்தி இராது.

பாயிரம் சொல்லும் வழி

முன்னுரை என்பது எமக்குப் புதியதன்று. பழையோர் அதனைப் பாயிரம் என்றார்கள். நன்னூலார் சிறப்புப் பாயிரம் கூற வேண்டியவை இவை இவை என்று எட்டு விடயங்களை வகுத்திருக்கிறார். அவற்றுள் மூன்று, இக்காலத்துக் கட்டுரை முன்னுரைக்கும் அப்படியே பொருந்தும். நூல் எதைப் பற்றிப் பேசுகிறது என்ற நுதலிய பொருள் ஒன்று. அதைக் கேட்பதற்கு உரியவர் யார் என்பது ஒன்று. கேட்டதனால் வரும் பயன் ஒன்று.

இன்னொன்றும் அங்கே உண்டு. சிறப்புப் பாயிரத்தைச் செய்தற்கு உரியவர் யார் என்று சொல்லுமிடத்து, நூலாசிரியனை விடுத்து, அவனுடைய ஆசிரியன், அவனோடு உடன் கற்றவன், அவனுடைய மாணாக்கன், தகுதியுள்ள உரைகாரன் ஆகியோரை நன்னூலார் சுட்டுகிறார். தொல்காப்பியத்துக்குச் சிறப்புப் பாயிரம் தந்த பனம்பாரனாரைத் தொல்காப்பியரோடு உடன் கற்றவர் என்பது மரபு. தன்னைத் தானே புகழ்தல் தகாது என்பது இதற்குக் கூறப்படும் காரணம். எனக்கோ இதில் வேறொரு காரணமும் தோன்றுகிறது. நூலைச் செய்தவனுக்கு நூல் முழுவதும் தெரியும். ஆகையால் வாசலில் நிற்பவனுக்கு என்ன தெரிகிறது என்பதை அவனால் காண முடியாது. முன்னுரையின் குறை அதனை எழுதியவன் கண்ணுக்குப் படாமல் போவது இதனாலேதான். அடுத்த ஒன்பது பக்கத்தில் இருப்பதை நினைவில் வைத்துக்கொண்டே முதற் பக்கத்தை வாசிக்கிறான். இல்லாத இணைப்புகளை மனத்தாலே போட்டுக்கொள்கிறான்.

இக்காலத்தில் முன்னுரையை நாமேதான் எழுதுகிறோம். ஆயினும் உடன் கற்றவருடைய கண்ணை இரவல் வாங்கலாம். ஒரு கிழமை கழித்து நான் அதே நண்பரிடம் மறுபடியும் போனதும் அதற்காகத்தான். இம்முறை கேள்விகளை எழுதிக்கொண்டு போனேன்.

கொடுக்கும் முறை

கேள்விகளுக்கு முன்னர், தாளைக் கொடுக்கும் முறையைப் பற்றிச் சில வார்த்தை. முன்னுரையை மட்டும் கொடுக்க வேண்டும். கட்டுரை முழுவதையும் கொடுத்தால், பின்னால் வாசித்தது முன்னுரையின் ஓட்டைகளை அடைத்துவிடும். கொடுக்கும்போது விளக்கம் சொல்லக் கூடாது. "இது தாமோதரம்பிள்ளையின் பதிப்புரைகள் எவ்வளவு பெரிய ஆராய்ச்சி என்பதைக் காட்டும் கட்டுரை" என்று வாயால் சொல்லிவிட்டுக் கொடுத்தால், தாளில் அது இல்லாவிட்டாலும் அவர் காதில் அது இருக்கும். பிறகு சோதனைக்கு இடமில்லை.

கட்டுரை எந்த நிலையில் உள்ளது என்பதையும் சொல்லிவிட வேண்டும். "உடல் எழுதி முடிந்தது. முன்னுரையை முற்றாக மாற்றவும் ஆயத்தமாக இருக்கிறேன். எழுத்துப் பிழை பார்க்க வேண்டாம்" என்று சொன்னேன். இப்படிச் சொல்லாவிட்டால் எமது நண்பர்கள், முக்கியமாக ஆசிரியர்களாகிய எமது நண்பர்கள், சிவப்புப் பேனையை எடுத்துவிடுவார்கள். ஒற்று மிகும் இடத்தையும் மிகாத இடத்தையும் பார்த்துத் திருத்தித் தருவார்கள். நாளைக்கு வெட்டப்போகும் பந்தியிலே ஒற்றுத் திருத்துவது வீண் வேலை.

கட்டுரையின் உடல் எழுதப்படாதபோது முன்னுரையைக் கொடுப்பதிலும் பயனில்லை. கட்டுரை எங்கே போய் முடியும் என்பது எழுதுகிறவருக்கே தெரியாதபோது, வழி பிழை என்று நண்பர் எப்படிச் சொல்வார்?

முதலாவது கேள்வி

நண்பர் வாசித்து முடித்ததும் தாள்களைக் கவிழ்த்து வைக்கச் சொன்னேன். பிறகு கேட்டேன்: "பாராமல் சொல்லும். இந்தக் கட்டுரை என்னத்தைச் சொல்லப் போகுது?"

அவர் சற்று யோசித்தார். "தாமோதரம்பிள்ளையின்ரை சீவிய சரித்திரம்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கட்டுரையின் ஒன்பதாம் பக்கம் வரை அவருடைய சீவிய சரித்திரம் எங்குமே இல்லை. வீட்டுக்கு வந்து முன்னுரையை எடுத்து ஒவ்வொரு வாக்கியமும் எதைப் பற்றியது என்று ஓரத்திலே குறித்துக்கொண்டு போனேன். முதற் பந்தி தமிழின் தொன்மை. இரண்டாம் பந்தி ஈழத்தவர் தமிழுக்குச் செய்த தொண்டு. மூன்றாம் பந்தியிலே அவர் 1832ஆம் ஆண்டு சிறுப்பிட்டியிலே பிறந்தது, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவரானது, பதிப்பித்த நூல்களின் பட்டியல், 1901இல் மறைந்தது. பதிப்புரை என்ற சொல், கடைசிப் பந்தியின் கடைசி வாக்கியத்திலே ஒரே ஒரு முறை வந்தது. நண்பர் சரியாகத்தான் வாசித்திருக்கிறார். நான்தான் வேறொன்றை எழுதியிருக்கிறேன்.

இக்கேள்வியின் நன்மை இதுதான். இதற்கு "நல்லாய் இருக்கு" என்று பதில் சொல்ல முடியாது. நண்பர் என் மனத்தை நோகடிக்கவும் தேவையில்லை. தனக்கு விளங்கியதைச் சொன்னாற் போதும். அவர் சொல்வதும் நான் சொல்ல நினைத்ததும் ஒன்றாக இருந்தால் நுதலிய பொருள் சேர்ந்துவிட்டது. இல்லையென்றால் சேரவில்லை.

இரண்டாவது கேள்வி

"வாசிக்கேக்கை எந்த இடத்திலை நிண்டீர்? எந்த இடத்தைத் தாவினீர்?" என்று அடுத்துக் கேட்டேன். இதற்கு வாசிக்கத் தொடங்கும்போதே ஒரு பென்சிலைக் கொடுத்திருந்தேன். திரும்ப வாசிக்க நேர்ந்த இடத்தில் ஒரு கோடு, கண் தாவிப்போன இடத்தில் ஒரு வட்டம் போடச் சொல்லியிருந்தேன். ஏன் என்று எழுத வேண்டாம், குறி மட்டும் போதும் என்றும் சொல்லியிருந்தேன். காரணம் எழுதச் சொன்னால் வாசகர் விமரிசகராக மாறிவிடுவார், வாசிப்பு நின்றுவிடும்.

தாளைப் பார்த்தேன். முதற் பந்தி முழுவதையும் சுற்றி ஒரு பெரிய வட்டம். "உதை எல்லாரும் எழுதுறதுதானே" என்று மெல்லச் சிரித்தார். தமிழின் தொன்மையைப் பற்றிய அந்தப் பந்தியைத்தான் நான் இரண்டு இரவு இருந்து செதுக்கியிருந்தேன்.

கோடு ஒரே இடத்தில்தான் இருந்தது: பாடபேதம் என்ற சொல்லின் கீழே. ஒரு செய்யுளின் ஒரே அடி, ஏட்டுக்கு ஏடு வெவ்வேறு சொற்களோடு காணப்படுவதை நாம் பாடபேதம் என்கிறோம். தமிழ் படித்தவர்களுக்குச் சாதாரணமான சொல். விஞ்ஞான ஆசிரியருக்கு அது பாடப் புத்தகத்தோடு சம்பந்தப்பட்டதாகப் பட்டிருக்கிறது. முதலில் அச்சொல்லை எடுத்துவிடலாமோ என்று யோசித்தேன். பிறகு, கட்டுரை முழுவதும் அச்சொல்லை வைத்துத்தான் நடக்கிறது, எடுக்க முடியாது என்று கண்டேன். எடுக்க வேண்டியதில்லை; முதன்முறை வருமிடத்தில் அரை வாக்கியத்தால் விளக்கிவிட்டாற் போதும். நண்பருடைய கோடு, அங்கே ஒரு தடக்கு உண்டு என்பதை மட்டுமே காட்டுகிறது. கல்லைத் தூக்கி எறிவதா, மேலே மண் போட்டு மட்டமாக்குவதா என்பதை எழுதியவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

மூன்றாவது கேள்வி

"இதை ஆருக்கு எழுதியிருக்கிறன் எண்டு நினைக்கிறீர்?" இது கேட்போர் பற்றிய கேள்வி.

அவர் கொஞ்சம் தயங்கினார். நான் வாய் திறக்காமல் இருந்தேன். இந்த இடத்தில் வாய் திறக்காமல் இருப்பது மிகவும் கஷ்டமானது. ஆனால் மிகவும் அவசியமானது. கடைசியில் சொன்னார்: "கோபியாதையும். பரிசளிப்பு விழாவிலை பிரதம விருந்தினர் பேசிற மாதிரிக் கிடக்கு."

கோபம் வரத்தான் செய்தது. ஆனால் அது உண்மை. மலரை வாசிக்கப்போகிறவர்கள் எங்கள் ஆசிரியரிடம் படித்தவர்கள். மருத்துவர்கள், எழுதுவினைஞர்கள், விவசாயிகள், வெளிநாடுகளில் இருப்பவர்கள் என்று பல தரப்பினர். எல்லோரும் ஒரு காலத்திலே அவருடைய வகுப்பில் வாங்கில் இருந்தவர்கள். அவர்களோடு கதைப்பதை விட்டுவிட்டு, மேடையில் ஏறி நின்று யாரோ முகம் தெரியாத சபைக்குப் பேசியிருக்கிறேன். நடையிலே குறை இருக்கிறது என்று அவர் சொல்லியிருந்தால், நான் நடையைத் திருத்தப் போயிருப்பேன். கேட்போரையே மாறி நினைத்துவிட்டேன் என்பது இந்தக் கேள்வியாலேதான் தெரிந்தது.

நான்காவது கேள்வி

"அடுத்த பக்கத்திலை என்ன வருமெண்டு பாத்துக்கொண்டிருக்கிறீர்? திருப்பாமல் விட்டால் என்ன நட்டம்?"

"அவர் என்னென்ன உத்தியோகம் பாத்தவர் எண்டு வரும். திருப்பாட்டி நட்டம் ஒண்டுமில்லை. பிறந்தது தெரியும், செத்ததும் சொல்லிப்போட்டீர்."

முன்னுரை ஒரு வாக்குறுதி. வாசகர் அதை நம்பித்தான் அடுத்த பக்கத்தைத் திருப்புகிறார். நான் கொடுத்த வாக்குறுதி சீவிய சரித்திரம். வைத்திருந்த பண்டமோ பதிப்புரை ஆராய்ச்சி. சரித்திரத்தை நாடி உள்ளே வந்தவர் ஏமாறுவார். பதிப்புரை ஆராய்ச்சியில் ஆர்வமுள்ளவரோ உள்ளே வரவே மாட்டார். பயன் சொல்லப்படவில்லை என்றால் இரண்டு பேரையும் இழக்கிறோம்.

இந்த நான்கு கேள்விகளையும் கூர்ந்து பார்த்தால் ஒன்று புலப்படும். எதுவுமே கட்டுரையின் தரத்தைக் கேட்கவில்லை. வாசித்தபோது அவருக்குள் என்ன நிகழ்ந்தது என்பதையே கேட்கின்றன. தன்னுள் நிகழ்ந்ததைச் சொல்வதற்கு எந்த வாசகருக்கும் அருகதை உண்டு. அதை மறுக்க எந்த எழுத்தாளருக்கும் அருகதை இல்லை.

கேட்கக் கூடாதவை

"தொடக்கம் கொஞ்சம் நீண்டு போச்சோ?" என்பது போன்ற கேள்விகளைத் தவிர்க்க வேண்டும். அதற்குள்ளேயே பதில் இருக்கிறது. நண்பர் ஓமென்பார், அது அவருடைய வாசிப்பன்று, எமது சந்தேகத்தின் எதிரொலி.

"நீர் எண்டால் எப்பிடி எழுதுவீர்?" என்று கேட்பதும் நல்லதன்று. என் நண்பர் கேளாமலே ஒரு யோசனை சொன்னார். ஏதாவது ஒரு கதையோடு தொடங்கினால் நன்றாயிருக்கும் என்றார். நான் நன்றி சொல்லிக் குறித்துக்கொண்டேன். ஆனால் அப்படிச் செய்யவில்லை. தாமோதரம்பிள்ளையைப் பற்றி ஒரு சுவையான கதையைத் தேடிப்பிடித்து முன்னே வைத்தால், மறுபடியும் அது சீவிய சரித்திரமாகவே தோன்றும். ஆனாலும் அந்த யோசனைக்குள் ஒரு முறைப்பாடு இருந்தது: தொடக்கம் சலிப்பூட்டுகிறது. முறைப்பாட்டை ஏற்றுக்கொண்டேன், மருந்தை விட்டுவிட்டேன். நோவு எங்கே என்பதை நோயாளிதான் சொல்ல வேண்டும். மருந்து எதுவென்பதை அவர் சொல்ல வேண்டியதில்லை.

வாதாடிய குற்றம்

இவ்வளவும் கேட்டு முடிந்தபின் நண்பரிடம், "இவ்வளவு நாளும் ஏன் ஐசே உதுகளைச் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"முந்தி ஒருக்காச் சொன்னனான். மறந்து போனீரோ?" என்றார்.

எனக்கு ஞாபகம் வந்தது. பல வருஷங்களுக்கு முன் நான் எழுதிய வேறொரு கட்டுரையிலே ஒரு பந்தி விளங்கவில்லை என்று சொன்னார். இடைவேளை முழுவதும் நின்று அந்தப் பந்தி ஏன் விளங்கத்தான் வேண்டும் என்று அவரோடு வாதாடினேன். வாதத்திலே நான்தான் வென்றேன். அன்றிலிருந்து அவர் என்னுடைய எழுத்து ஒவ்வொன்றுக்கும் "நல்லாய்த்தான் இருக்கு" என்று சொல்லிவந்திருக்கிறார். ஒரு இடைவேளை வெற்றிக்காக எத்தனையோ வருஷத்து வாசகரை நான் இழந்திருக்கிறேன்.

ஆகவே நண்பர் சொல்லும்போது செய்ய வேண்டியது இரண்டுதான். அவர் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள்ளுதல் ஒன்று. "அதாவது எங்கே?" என்று இடத்தைக் கேட்டுக்கொள்ளுதல் மற்றது. "அதை நான் எழுதினது ஏனெண்டால்" என்று நாக்கு எழும்பினால் அடக்கிக்கொள்ள வேண்டும். நாம் வாயால் விளக்க நேர்கிற ஒவ்வொன்றும் தாளிலே இல்லாத ஒன்று. அச்சில் வந்தபின் ஒவ்வொரு வாசகர் பக்கத்திலும் இருந்து விளக்க எம்மால் முடியாது.

ஐந்தாவது கேள்வி

எழும்பிப் போகுமுன் கடைசியாக ஒன்று கேட்டேன்: "நான் கேளாமல் விட்டது ஏதும் இருக்கே?"

அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "எங்கடை சேர் எந்தப் புத்தகத்தையும் முன்னுரை வாசிக்காமல் தொட விடமாட்டாரல்லோ. நினைவு மலருக்கு முன்னுரையளைப் பற்றி எழுதிப்போட்டு, அதை நீர் ஓரிடத்திலும் சொல்லேல்லை."

நான் தாமோதரம்பிள்ளையின் பதிப்புரைகளைத் தேர்ந்தெடுத்ததே அதனாலேதான் என்பதை அப்பொழுதுதான் உணர்ந்தேன். எனக்கு அது அவ்வளவு தெரிந்த விடயம். எழுத வேண்டும் என்று தோன்றவே இல்லை. இந்த ஐந்தாவது கேள்வியை இறுதியிற்றான் கேட்க வேண்டும். முதலிலேயே கேட்டால் "ஒண்டுமில்லை" என்ற பதில்தான் வரும். நான்கு கேள்விகளாலே மனம் சூடேறியபின் கேட்டால், கேட்கத் தெரியாத ஒன்றும் வெளிப்படும்.

திருத்திய முன்னுரை

முதல் மூன்று பந்திகளையும் எடுத்துவிட்டேன். புதிய முன்னுரை அரைப் பக்கத்துக்கும் குறைவு. அது பின்வருமாறு அமைந்தது:

"நூலொன்றைக் கையில் எடுத்ததும் பதிப்புரையைத் தாண்டி நேரே நூலுக்குப் போய்விடுவது எம்மிற் பலருடைய வழக்கம். எங்கள் ஆசிரியர் அதற்கு இடம் கொடுத்ததில்லை. ஏன் என்பது, சி. வை. தாமோதரம்பிள்ளையின் பதிப்புரைகளை வாசித்தபோதுதான் எனக்கு விளங்கிற்று. 1881இல் வீரசோழியத்துக்கு அவர் எழுதிய பதிப்புரையிலே, தமிழிலக்கிய வரலாற்றைக் காலங்களாகப் பகுத்துப் பார்க்கும் முயற்சி இருக்கிறது. 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தவர், அழிந்துகொண்டிருந்த ஏடுகளின் நிலையைத் தமது பதிப்புரைகளிலே உருக்கமாக எடுத்துரைத்தவர். ஏட்டுக்கு ஏடு ஓரடி வெவ்வேறு சொற்களோடு நிற்கும்போது, அதாவது பாடபேதம் நேரும்போது, பதிப்பாசிரியன் எதைக் கொள்வான், எதைத் தள்ளுவான்? இந்தக் கேள்வியோடு அவருடைய பதிப்புரைகளுக்குள் நுழைவதே இக்கட்டுரையின் நோக்கம்."

இதனை மறுபடியும் அதே நண்பரிடம் கொடுத்துச் சோதிக்க முடியாது. அவருக்கு இப்பொழுது எல்லாம் தெரியும். ஒருவர் ஒரு முன்னுரைக்கு ஒரே ஒரு தடவைதான் புது வாசகராக இருக்க முடியும். ஆகையால் எல்லா நண்பர்களுக்கும் ஒரே நாளிலே கொடுத்துவிடாமல், ஒருவரையாவது கடைசித் திருத்தத்துக்கென்று மிச்சம் வைத்திருப்பது புத்தி. நான் எமது வாசிகசாலையில் பணிபுரியும் சகோதரி ஒருவரிடம் கொடுத்து, முதலாவது கேள்வியையும் இரண்டாவதையும் மட்டும் கேட்டேன். "பதிப்புரைகளுக்குள்ளை என்ன ஆராய்ச்சி இருக்கெண்டு சொல்லப் போறீங்கள், சேர்" என்றார். மனம் ஆறிற்று. கோடு போட்டிருந்த இடம் வீரசோழியம். அது என்ன நூல் என்று அவருக்குத் தெரியவில்லை. "வீரசோழியம் என்ற இலக்கண நூலுக்கு" என்று மூன்று சொல் சேர்த்தேன், தடக்கு நீங்கியது.

அவர் இன்னொன்றும் சொன்னார். எங்கள் ஆசிரியரைப் பற்றிய வாக்கியம் தனக்குப் பொருத்தமாகப் படவில்லையாம். நண்பரோ அதுதான் இல்லாத குறை என்றவர். இரண்டு நம்பிக்கையான வாசகர்கள் இரண்டு விதமாகச் சொன்னால் யாரைக் கேட்பது? யார் கூடப் படித்தவர், யார் கூட வேண்டியவர் என்று பார்க்கக் கூடாது. கேட்போர் யார் என்ற பழைய கேள்வியிடமே திரும்பிப் போக வேண்டும். மலரை வாசிப்பவர்கள் அந்த ஆசிரியரின் மாணவர்கள், என் நண்பர் அவர்களில் ஒருவர், சகோதரி அல்லர். ஆகையால் மலரில் அவ்வாக்கியம் நின்றது. அதே கட்டுரையை வேறொரு சஞ்சிகைக்குக் கொடுத்தால் அதை எடுத்துவிடுவேன். இருவர் சொன்னதும் சரிதான், இடந்தான் வேறு.

ஒரு எல்லையையும் சொல்லிவிட வேண்டும். நண்பருடைய இந்த வாசிப்பு, முன்னுரை வாசலைத் திறக்கிறதா என்பதை மட்டுமே காட்டும். நான் எழுதிய ஆண்டுகள் சரியா, தாமோதரம்பிள்ளையைப் பற்றிச் சொன்னவை பொருந்துமா என்பவற்றை அவரால் சொல்ல முடியாது. சொல்லச் சொல்வதும் முறையன்று. அதற்குத் துறை அறிந்த ஒருவரை வேறாகத் தேட வேண்டும். அப்படி ஒருவரிடம், வாசல் திறக்கிறதா என்று கேட்பதும் பயன்படாது. அவர் பல காலம் உள்ளேயே இருப்பவர்.

மலர் வெளிவந்தபின், ஓய்வறையிலே நண்பர் அதை வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தார். என்னுடைய கட்டுரையில் நின்றார். பத்துப் பக்கமும் வாசித்தார் என்று நினைக்கிறேன். மணி அடித்தும் எழும்பவில்லை. எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.